ஆரூட லக்னம்: ஊர் பார்க்கும் முகத்தைக் கட்டத்தில் கண்டுபிடிப்பது எப்படி

ஜாதகக் கட்டத்தில் 'ல' என்று எழுதியிருக்கும் வீடு எல்லோருக்கும் தெரியும். அதுதான் லக்னம். உடம்பு, சுபாவம், உள்ளுக்குள் ஓடுகிற எண்ணம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பம். ஆனால் அந்த ஆளைப் பற்றி ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்பது வேறு. வட்டி கட்ட முடியாமல் தவிக்கிறவரைத் தெருவே பெரிய பணக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கும். நான்கு வீட்டு வாடகை வாங்குகிறவரைப் பார்த்து 'பாவம், கஷ்டப்படுகிறார்' என்று சொல்லும். இந்த ஊர்ப்பேச்சுக்கென்றே ஜைமினி முறை தனியாக ஒரு ராசியைக் குறித்துக் கொடுக்கிறது. அதன் பெயர் ஆரூட லக்னம். பத லக்னம் என்றும் சொல்வார்கள். ஜோதிட மென்பொருளில் கட்டம் போட்டால் AL என்று வரும்.

கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு சுலபமான வழி உண்டு. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. வீதியில் வந்து ஊர் கண்ணில் படுகிறவர் உற்சவர். லக்னம் மூலவர் என்றால் ஆரூடம் உற்சவர். இரண்டில் எது நிஜம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்தக் கேள்விக்கு எதைப் பார்ப்பது என்பதுதான் விஷயம். உடல்நலம், ஆயுள், மனசு பற்றிய கேள்விக்கு லக்னம். பேர், மதிப்பு, ஊருக்குத் தெரிகிற வரவு செலவு, ஜனங்கள் நம்மை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதற்கு ஆரூடம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜாமக்கோள் பிரசன்னத்தில் உதயம், ஆரூடம், கவிப்பு என்று மூன்று பார்ப்பார்கள். கேரளப் பிரசன்னத்திலும் ஆரூடம் உண்டு. அவையெல்லாம் கேள்வி கேட்கும் நேரத்தையோ கேட்பவர் தொடும் ராசியையோ வைத்து வருபவை. நாம் பேசுவது பிறந்த ஜாதகத்திலிருந்து வருவது, வாழ்நாள் முழுக்க மாறாதது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, கணக்கு வேறு.

என்ன தேவை

ராசிக் கட்டம் ஒன்று போதும். நவாம்சம் வேண்டாம், பாவச் சக்கரமும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாவச் சக்கரத்தில் சில சமயம் ஒரு கிரகம் பக்கத்து பாவத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். அதை வைத்து எண்ணினால் ஆரூடம் தப்பான ராசியில் போய் விழும். ஜைமினி கணக்கில் ஒரு ராசி என்றால் முழுதாக ஒரு வீடு, பாகை கலைக்கு இங்கே வேலையில்லை.

லக்னம் எந்த ராசி, அதன் அதிபதி எந்த ராசியில் நிற்கிறார், இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மேஷத்துக்குச் செவ்வாய், ரிஷபத்துக்குச் சுக்கிரன் என்று வழக்கமான அதிபதிகள்தான். விருச்சிகமும் கும்பமும் மட்டும் விதிவிலக்கு. ஜைமினி மரபில் விருச்சிகத்துக்குச் செவ்வாயோடு கேதுவும், கும்பத்துக்குச் சனியோடு ராகுவும் அதிபதிகள். அதைப் பிறகு பார்ப்போம்.

எண்ணும் முறை

லக்னத்திலிருந்து லக்னாதிபதி எத்தனையாவது ராசியில் இருக்கிறாரோ, அவர் நிற்கும் ராசியிலிருந்து மறுபடி அத்தனை ராசி முன்னால் போங்கள். நிற்கும் இடம்தான் ஆரூடம். ஜைமினி சூத்திரம் இதை 'யாவதீசாஸ்ரயம் பதம்' என்று முடித்துவிடுகிறது. அதிபதி எவ்வளவு தூரமோ, பதம் அவரிடமிருந்து அவ்வளவு தூரம்.

கைவிரலை லக்னத்தில் வைத்து அதையே ஒன்று என்று எண்ண வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கத்து ராசியை ஒன்று என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான், அதிபதி நிற்கும் ராசியே ஒன்று. நம் தென்னிந்தியக் கட்டத்தில் எண்ணுவது எப்போதும் கடிகார முள் போகிற திசையில். ஜைமினியில் சில தசைகளுக்குப் பின்னோக்கி எண்ணும் வழக்கம் இருப்பதால் இதையும் அப்படி எண்ணலாமோ என்று சந்தேகம் வரும். வேண்டாம், பதத்துக்கு முன்னோக்கித்தான்.

உதாரணத்துக்கு மேஷ லக்னம், செவ்வாய் மிதுனத்தில் என்று வையுங்கள். மேஷம் ஒன்று, ரிஷபம் இரண்டு, மிதுனம் மூன்று. மறுபடி மிதுனம் ஒன்று, கடகம் இரண்டு, சிம்மம் மூன்று. ஆரூடம் சிம்மம், அதாவது லக்னத்துக்கு ஐந்தாம் வீடு.

லக்னத்திலோ ஏழிலோ விழுந்தால்

இப்படி எண்ணும்போது சில ஜாதகங்களில் ஆரூடம் லக்னத்திலேயே வந்து விழும். சிலவற்றில் நேர் எதிரே ஏழாம் வீட்டில் விழும். இரண்டையும் மரபு ஏற்பதில்லை. ஆளும் ஆளைப் பற்றிய பேச்சும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது ஆசிரியர்கள் சொல்லும் காரணம். அப்படி விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து பத்தாவது ராசியை எடுத்துக்கொள்ள வேண்டும். லக்னத்தில் விழுந்தால் ஆரூடம் பத்தாம் வீடு. ஏழில் விழுந்தால் ஏழுக்குப் பத்து, அதாவது லக்னத்துக்கு நான்காம் வீடு.

இந்த விதி சூத்திரத்தில் சங்கேதமாக ஒளிந்திருக்கிறது. 'ஸ்வஸ்தே தாரா', 'ஸுதஸ்தே ஜன்ம' என்று இரண்டு துண்டுகள். மேலோட்டமாகப் பார்த்தால் தான், மனைவி, பிள்ளை, பிறப்பு என்று ஏதோ சொல்வது போலிருக்கும். ஜைமினி எண்களைக் கடபயாதி முறையில் எழுத்துக்குள் வைப்பவர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், அதை வலமிருந்து இடமாகப் படித்து 12-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். 'தாரா'வில் த 8, ர 2. திருப்பினால் 28, வகுத்தால் மீதி 4. 'ஸ்வ' என்பதும் 4. ஆக, அதிபதி நான்கில் இருந்தால் பதமும் நான்கு. 'ஸுத' 67, மீதி 7. 'ஜன்ம' 58, மீதி 10. அதிபதி ஏழில் இருந்தால் பதம் பத்து. முன்னே சொன்ன விதிக்குள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துவதைப் போட்டுப் பார்த்தால் தெரியும். அதிபதி நான்கில் நின்றால் எண்ணிக்கை ஏழில் விழும், அங்கிருந்து பத்து நான்கு. அதிபதி ஏழில் நின்றால் எண்ணிக்கை லக்னத்தில் விழும், அங்கிருந்து பத்து பத்தேதான்.

இந்த விதிவிலக்கே வேண்டாம், விழுந்த இடத்திலேயே வைக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பராசர ஹோரையிலும் லக்னமும் ஏழும் பதமாகாது என்ற விதி இருப்பதால் நான் இதையே பின்பற்றுகிறேன். எதைப் பின்பற்றினாலும் சரி, எல்லா ஜாதகத்துக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். பலன் பொருந்தவில்லையே என்று ஒருவருக்கு விதிவிலக்கைப் போட்டு, இன்னொருவருக்குத் தூக்கிவிட்டால் அது ஜோதிடம் ஆகாது.

போட்டது சரியா என்று பார்க்க ஒரு வழி

எண்ணிய பிறகு லக்னத்திலிருந்து ஆரூடம் எத்தனையாவது வீடு என்று பாருங்கள். 3, 4, 5, 9, 10, 11 ஆகிய ஆறு இடங்களில் ஒன்றில்தான் அது இருக்க முடியும். 2, 6, 8, 12 என்று வந்தால் எண்ணிக்கையில் எங்கோ பிசகு, பெரும்பாலும் 'ஒன்று' எங்கே ஆரம்பிக்கிறது என்பதில். 1 அல்லது 7 என்று வந்தால் விதிவிலக்கைப் போட மறந்துவிட்டீர்கள்.

காரணம் சாதாரணக் கணக்குதான். அதிபதி நின்ற எண்ணை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் ஆரூடம் வரும், 12-க்கு மேல் போனால் 12 கழிக்க வேண்டும். இரட்டித்து ஒன்று கழித்தால் எப்போதும் ஒற்றைப்படைதான். 1, 3, 5, 7, 9, 11 என்று ஆறு இடம். அதில் 1-ம் 7-ம் விதிவிலக்கில் முறையே 10, 4 ஆகிவிடுகின்றன. விரல் எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தக் கணக்கையே போட்டுக்கொள்ளலாம். அதிபதி 8-ல் என்றால் 16, கழித்தால் 15, 12 போக 3. மூன்றாம் வீடு.

ஒரு ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம்

கடலூர் முதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவருடைய கட்டம் இது. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். புரட்டாசி நடுவில், காலை எட்டு மணி வாக்கில் பிறப்பு. துலாம் லக்னம். சுக்கிரனும் சனியும் சிம்மத்தில். சூரியன், புதன், ராகு மூவரும் கன்னியில். கேது மீனத்தில். குரு மிதுனத்தில். சந்திரனும் செவ்வாயும் ரிஷபத்தில்.

லக்னாதிபதி சுக்கிரன். துலாத்தை ஒன்று என்று எண்ணினால் விருச்சிகம் இரண்டு, தனுசு மூன்று என்று போய் சிம்மம் பதினொன்று. சிம்மத்திலிருந்து மறுபடி பதினொன்று எண்ணினால் மிதுனம். கணக்கிலும் சரிபார்க்கலாம்: 11-ஐ இரட்டித்தால் 22, ஒன்று போக 21, 12 போக 9. துலாத்துக்கு ஒன்பதாம் வீடு மிதுனம்தான். லக்னமும் இல்லை, ஏழும் இல்லை, எனவே விதிவிலக்கு கிடையாது. ஆரூட லக்னம் மிதுனம், அதில் குரு.

இனி இதைப் படிக்க வேண்டும். முதலில் ஆரூடம் லக்னத்துக்கு எத்தனையாவது வீடு என்று பார்ப்பது என் வழக்கம். எந்த வாசல் வழியாக ஊர் இவரைப் பார்க்கிறது என்பது அதில் தெரியும். பத்தில் விழுந்தால் தொழிலை வைத்து, நான்கில் விழுந்தால் வீடு, நிலம், குடும்பத்தை வைத்து, மூன்றில் விழுந்தால் சொந்த முயற்சியை வைத்து ஆளை எடைபோடுவார்கள். ஐந்தில் புத்தியும் பிள்ளைகளும், பதினொன்றில் வரவும் சகவாசமும். இவருக்கு ஒன்பது. தர்மம், தகப்பன் பேர், கோயில் காரியம் வழியாகத்தான் ஊர் இவரைப் பார்க்கிறது.

அடுத்து ஆரூடத்தில் நிற்கும் கிரகம். அதன் சாயல் பேரில் நேராக ஒட்டும். சூரியன் என்றால் அதிகார தோரணை, சனி என்றால் உழைப்பாளி, வயசுக்கு மீறிய முதிர்ச்சி, ராகு என்றால் பரபரப்பான பேச்சு. குரு என்றால் பெரிய மனுஷர். முதுநகரில் இவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆணி, கீல், தாழ்ப்பாள் வாங்க வருகிறவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது முதல் பத்திரம் போடுவது வரை இவரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் பில் போடச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். படித்தவர் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே குருவை லக்னத்திலிருந்து பாருங்கள். துலாத்துக்கு அவர் மூன்றுக்கும் ஆறுக்கும் அதிபதி. ஆறு என்றால் கடன், வழக்கு, எதிரி. வெளியே 'ஐயா' பட்டம் வாங்கித் தரும் அதே கிரகம் உள்ளே கடனுக்கு அதிபதி. கடைக்குச் சரக்கெடுக்க வாங்கிய கடன் முழுதாக அடைந்ததே இல்லை என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். 'ஐயாவுக்கு என்ன கடன் இருக்கப் போகிறது' என்பதுதான் தெருவின் எண்ணம். லக்னத்தையும் ஆரூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதன் பயன் இங்கேதான். ஒன்றை மட்டும் வைத்துப் பலன் சொன்னால் 'பெரிய மனுஷர்' என்பதோடு நின்றுவிடுவோம், இல்லையென்றால் 'கடன்காரர்' என்பதோடு.

பதினொன்றும் பன்னிரண்டும்

ஆரூடத்திலிருந்து பல வீடுகளைப் பார்க்கலாம். ஆனால் நூல்கள் மிகத் தெளிவாகப் பேசுவது பதினொன்றையும் பன்னிரண்டையும் பற்றித்தான். ஆரூடத்துக்குப் பதினொன்றில் கிரகம் இருந்தாலும் பார்த்தாலும் வரவு உண்டு. சுபர் என்றால் நேர்வழியில், பாபர் என்றால் வளைந்த வழியில், இருவரும் கலந்திருந்தால் இரண்டும் கலந்து. பன்னிரண்டு செலவையும் நஷ்டத்தையும் காட்டும். எந்தக் கிரகம் சம்பந்தப்படுகிறதோ அதன் காரகத்துவம் வழியாகக் காசு போகும். பதினொன்றைப் பார்க்கும் கிரகம் பன்னிரண்டைப் பார்க்காமல் இருந்தால் வரவு தடையில்லாமல் நிற்கும் என்று பராசர ஹோரையும் சொல்கிறது.

இங்கே 'பார்ப்பது' என்பது நமக்குப் பழகிய ஏழாம் பார்வையோ, சனியின் மூன்று பத்துப் பார்வையோ இல்லை. ஜைமினியில் ராசிப் பார்வை. ராசிகள்தான் ஒன்றையொன்று பார்க்கும், அதில் நிற்கும் கிரகங்கள் கூடவே பார்க்கும். மேஷம், கடகம், துலாம், மகரம் சர ராசிகள். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் ஸ்திர ராசிகள். மற்ற நான்கும் உபயம். சர ராசி, தனக்கு அடுத்திருக்கும் ஸ்திர ராசியை விட்டுவிட்டு மற்ற மூன்று ஸ்திர ராசிகளையும் பார்க்கும். ஸ்திர ராசி அதே போல, தன்னை ஒட்டி முந்தியிருக்கும் சரத்தை விட்டு மற்ற மூன்று சரங்களைப் பார்க்கும். உபய ராசிகள் நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். ஒருமுறை கட்டத்தில் கோடு போட்டுப் பார்த்தால் மனதில் நின்றுவிடும். கிரகப் பார்வையை இதோடு கலக்கும்போதுதான் பலன் தாறுமாறாகப் போகிறது.

நம் ஜாதகத்தில் மிதுனத்துக்குப் பதினொன்று மேஷம். காலியாக இருக்கிறது. மேஷம் சரம், அதை ஒட்டிய ரிஷபத்தை விட்டால் சிம்மம், விருச்சிகம், கும்பம் மூன்றும் அதைப் பார்க்கும். சிம்மத்தில் சுக்கிரனும் சனியும் நிற்கிறார்கள். ஆக வரவு உண்டு, சுபரும் பாபரும் கலந்த வரவு. சனி, இரும்பு, மெல்ல வரும் காசு என்று எடுத்தால் ஹார்டுவேர் கடை தெரிகிறது. சுக்கிரனுக்கு ஒத்தபடி கொஞ்ச காலமாக பாத்ரூம் டைல்ஸும் அலங்கார விளக்கும் விற்கிறார், லாபம் அதில்தான் அதிகம். பாபர் என்றதும் திருட்டுப் பணம் என்று பாய வேண்டாம். வரி கட்டாத பில், கைமாற்றாக வாங்கிக் கைமாற்றாகத் திருப்புவது என்று சாதாரண வியாபாரத்தில் நடப்பதுகூட அதில் அடங்கும்.

பன்னிரண்டு ரிஷபம். சிம்மம் ஸ்திரம், ரிஷபமும் ஸ்திரம், ஒன்றையொன்று பார்க்காது. அதனால் வரவு தரும் சுக்கிரனும் சனியும் செலவு வீட்டின் பக்கம் திரும்பவில்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் ரிஷபத்திலேயே செவ்வாயும் சந்திரனும் உட்கார்ந்திருக்கிறார்கள். செவ்வாய்க்குச் சகோதரனும் நிலமும், சந்திரனுக்குத் தாயும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் அம்மா வழியாக வந்த நிலத்துக்காகத் தம்பியோடு நடக்கும் வழக்கில்தான் இவருடைய காசு போய்க்கொண்டிருக்கிறது. கடை லாபத்தைத் தொடாமல் வக்கீல் பீஸ் கட்ட முடிவதில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. தெரிந்த வாழ்க்கையை வைத்துக்கொண்டு கட்டத்தைப் படித்தால் எல்லாம் பொருந்துவது போலத்தான் இருக்கும். தெரியாத ஜாதகத்தில் 'செலவு செவ்வாய், சந்திரன் வழியாக' என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தம்பியா, நிலமா, ஆபரேஷனா என்று குறிப்பாகச் சொல்ல ஆரூடம் மட்டும் போதாது. அதற்கு லக்னத்திலிருந்து அந்த வீடுகளையும் நடக்கும் தசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர தசை போடுகிறவர்கள் ஆரூட ராசியின் தசை வரும் வருடங்களில் பேரும் மதிப்பும் ஏறுவதையோ இறங்குவதையோ தனியாகக் கவனிப்பார்கள்.

பிறந்த நேரம் மாறினால்

இதே நாளில் இதே ஊரில் ஒருமணி, ஒன்றரை மணி முன்னே பின்னே பிறந்திருந்தால் என்னவாகும்? கிரகங்கள் அதே ராசிகளில்தான் இருக்கும், லக்னம் மாறும்.

காலை ஆறே முக்காலுக்குப் பிறந்தவருக்குக் கன்னி லக்னம். அதிபதி புதன் கன்னியிலேயே. எண்ணிக்கை லக்னத்திலேயே விழுகிறது, எனவே பத்தாம் வீடு. கன்னிக்குப் பத்து மிதுனம். லக்னம் மாறியும் ஆரூடம் அதே மிதுனம், அதே குரு. ஊர் பார்வையில் இவரும் பெரிய மனுஷர்தான். ஆனால் ஒன்பதாம் வீட்டு வழியாக இல்லை, பத்தாம் வீட்டு வழியாக, அதாவது பார்க்கும் வேலையை வைத்து.

ஒன்பதரைக்குப் பிறந்தவருக்கு விருச்சிக லக்னம். இங்கேதான் இரண்டு அதிபதிகள் பிரச்சினை. செவ்வாயை எடுத்தால் அவர் ஏழில், ரிஷபத்தில். எண்ணிக்கை லக்னத்துக்கே திரும்புகிறது, பத்தாம் வீடு சிம்மம் ஆரூடமாகிறது. கேதுவை எடுத்தால் அவர் ஐந்தில், மீனத்தில். மீனத்திலிருந்து ஐந்து கடகம். சிம்மத்தில் சுக்கிரனும் சனியும் இருக்கிறார்கள், கடகம் காலி. பலன் முற்றிலும் வேறாகிவிடும். யார் பலம் என்பதைப் பார்க்க முதல் விதி, எவரோடு அதிகக் கிரகங்கள் சேர்ந்திருக்கின்றன என்பது. செவ்வாயோடு சந்திரன் இருக்கிறார், கேது தனியாக இருக்கிறார். எனவே செவ்வாய், ஆரூடம் சிம்மம். இரண்டு பேரில் ஒருவர் சொந்த ராசியிலேயே இருந்து, மற்றவர் வெளியே இருந்தால் வெளியே இருப்பவரை எடுப்பது வழக்கம். மென்பொருள் இதையெல்லாம் தானாகவே போட்டுவிடும். ஆனால் எந்த அதிபதியை எடுத்தது என்று சொல்லாது. விருச்சிகம், கும்பம் லக்னக்காரர்கள் AL எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு கையால் ஒருமுறை எண்ணிக்கொள்வது நல்லது.

பிறந்த நேரம் எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. லக்னம் ஒரு ராசியில் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கும். அதன் நடுவில் பிறந்திருந்தால் பத்து நிமிடம் முன்னே பின்னே போனாலும் ஆரூடம் அசையாது. ராசி முடியும் தறுவாயில் பிறந்தவர்களுக்குத்தான் தலைவலி. பழைய குறிப்பேடுகளில் உதயாதி நாழிகை என்று எழுதியிருப்பார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், அதைக் குத்துமதிப்பாக எழுதியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பிறந்த இடத்தைப் பற்றியும் அடிக்கடி கேள்வி வரும். கடலூர்க் குடும்பம், பிரசவம் புதுச்சேரி ஜிப்மரில், ஜாதகத்தில் எதைப் போடுவது? முறைப்படி புதுச்சேரிதான். ஆனால் இரண்டு ஊருக்கும் தீர்க்க ரேகையில் உள்ள வித்தியாசம் நேரத்தில் கால் நிமிடம்கூட வராது. எதைப் போட்டாலும் ஆரூடம் மாறப்போவதில்லை. உண்மையில் பிசகுவது வேறு இடத்தில். இந்திய நேரம் 82.5 பாகைக்கு உரியது, நம் ஊர் ஏறக்குறைய 79.8 பாகையில் இருப்பதால் உள்ளூர் நேரம் 11 நிமிடம் பின்தங்கும். கையால் லக்னம் கணிக்கிறவர் இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் எல்லையில் இருக்கும் லக்னம் அடுத்த ராசிக்குப் போய்விடும்.

வாக்கியமா, திருக்கணிதமா

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆரூடம் மாறிப்போவதற்கு இன்னொரு பெரிய காரணம் பஞ்சாங்கம். திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்குப் போனார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20 அன்று, வாக்கியப் பஞ்சாங்கப்படி. இடையில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு மகர லக்னம் என்று வையுங்கள்.

வாக்கியத்தில் சனி மகரத்தில், லக்னத்திலேயே. எனவே விதிவிலக்கு, பத்தாம் வீடு, ஆரூடம் துலாம். திருக்கணிதத்தில் சனி கும்பத்தில், இரண்டாம் வீடு. கும்பத்திலிருந்து இரண்டு மீனம், லக்னத்துக்கு மூன்று. ஒரே குழந்தை, ஒரே நிமிடம், இரண்டு ஆரூடம். ஒன்று தொழில் வழியாக வரும் பேரையும், மற்றது சொந்த முயற்சி வழியாக வரும் பேரையும் காட்டும். கும்ப லக்னக் குழந்தைக்கு ராகுவையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருப்பதால் குழப்பம் இன்னும் ஒரு படி கூடும்.

சடங்குக்கும் விழாவுக்கும் குடும்ப வழக்கப்படி வாக்கியத்தையே வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு எந்த வாதமும் இல்லை. ஆரூடம் போடத் திருக்கணிதத்தையே எடுக்கிறேன், வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போவது அதுதான். கையில் இருக்கும் ஜாதகம் எந்தப் பஞ்சாங்கப்படி எழுதியது என்று தெரியாவிட்டால், முதல் பக்கத்தில் திருக்கணிதம் என்றோ வாக்கியம் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் வைத்து ஒரு திருக்கணிதக் கட்டம் போட்டு, பழையதோடு ஒவ்வொரு கிரகமாக ஒப்பிடுங்கள். லக்னமும் லக்னாதிபதியும் நிற்கும் ராசி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பழைய கட்டத்திலேயே ஆரூடத்தை எண்ணலாம். மாறியிருந்தால் பழையதை மூடி வைத்துவிட்டு புதிய கட்டத்தில் லக்னத்தில் விரல் வைத்து, 'ஒன்று' என்று ஆரம்பியுங்கள்.